முனகலும் தாளமும்: ஒரு டயரின் வாக்குமூலம்

லண்டனில் ஹாரோ, வெம்ப்ளி, ஈஸ்ட்ஹாம் பக்கம் நம்மவர்கள் ஓட்டும் கார்களில் பாதிக்கு வயது எட்டு, ஒன்பது இருக்கும். அந்த வயதில் வண்டியின் பின்பக்கத்திலிருந்து ஒரு முனகல் எழும். முப்பது மைல் வேகத்தில் தொடங்கும். வேகம் கூடினால் சுருதியும் கூடும், வேகம் குறைந்தால் தானும் இறங்கும். கூர்ந்து கேட்டால் அது ஒரே சீராக இராது. ‘ஊவ், ஊவ்’ என்று ஒரு தாளத்தில் ஏறி இறங்கும். கராஜுக்குக் கொண்டுபோனால் முதலில் காதில் விழும் வாக்கியம் பெரும்பாலும் இதுதான்: “பேரிங் போயிட்டுது போல கிடக்கு, அண்ணை.”

சில நேரம் அது பேரிங்தான். பல நேரம் பேரிங்கை மாற்றிப் பணம் கொடுத்து வெளியே வந்த பிறகும் முனகல் அப்படியே இருக்கும். ஏனென்றால் சத்தம் வந்தது டயரிலிருந்து. அந்த டயரின் மேற்பரப்பு வழவழப்பாகத் தேயாமல், மேடும் பள்ளமுமாக, சிப்பி ஓட்டின் விளிம்பு போல் அலை அலையாகத் தேய்ந்திருக்கும்.

இரண்டையும் பிரித்தறிய வழி உண்டு. கெட்ட பேரிங்கின் சத்தம் சுமையைப் பொறுத்து மாறும். நீண்ட வளைவொன்றில் வலப்பக்கம் திரும்பும்போது இடப்பக்கச் சக்கரங்களின் மேல் பாரம் ஏறுகிறது; அப்போது சத்தம் கூடி, எதிர்ப்பக்கம் திரும்பும்போது குறைந்தால் இடப்பக்கப் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். டயர்ச் சத்தம் அதைவிடச் சாலைக்கு அதிகம் கட்டுப்பட்டது. கரடான பழைய தார்ச்சாலையிலிருந்து புதிதாகப் போட்ட மழமழப்பான தாருக்குள் நுழைந்ததும் அதன் குணம் சட்டென்று மாறிவிடும். இன்னும் உறுதி வேண்டுமானால் முன் டயர்களைப் பின்னும் பின் டயர்களை முன்னும் மாற்றிப் பூட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். சத்தமும் இடம் மாறினால் டயரே குற்றவாளி. ஒரு பேரிங்கின் விலையோடு ஒப்பிட்டால் இந்தச் சோதனை மிக மலிவு. ஆனாலும் ஏனோ இதைக் கடைசியில்தான் செய்கிறார்கள்.

கையால் தடவிப் பார்ப்பதும் நல்ல சோதனை. வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, டயரின் உள்விளிம்பில் உள்ளங்கையை வைத்துச் சுற்றுப்போக்கில் மெல்ல இழுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு மில்லிமீட்டர் பள்ளம்கூடக் கைக்குத் தெரியும். ஒரு திசையில் வழவழவென்றும் எதிர்த்திசையில் இழுத்தால் ரம்பப்பல் போலவும் இருந்தால், ஒவ்வொரு ரப்பர்க் கட்டியின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கிறது என்று பொருள். அதற்கு ஒரு காரணம் அலைன்மென்ட் பிசகு. இரு திசையிலும் கை ஏறி இறங்கினால், பல கட்டிகளைச் சேர்த்து வாரிய பள்ளங்கள் இருக்கின்றன. இந்தக் கட்டுரை இரண்டாம் வகையைப் பற்றியது. நடைமுறையில் இரண்டும் ஒரே டயரில் சேர்ந்தே வருவதுண்டு.

இனி அந்தச் சத்தத்தையே கொஞ்சம் கணக்குப் போடுவோம். 205/55 R16 என்ற அளவு டயரை எடுத்துக்கொள்வோம். நடுத்தரக் கார்களில் சாதாரணமாகக் காணும் அளவு. அதன் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். பள்ளங்கள் பத்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக இருந்தால் ஒரு சுற்றில் இருபது பள்ளங்கள். மணிக்கு 30 மைல் என்றால் நொடிக்கு 13.4 மீட்டர், சக்கரம் நொடிக்கு 6.7 முறை சுழலும். இருபதால் பெருக்கினால் நொடிக்கு 134 அதிர்வு, அதாவது 134 ஹெர்ட்ஸ். இது ஓர் ஆண்குரலின் சுருதி. 50 மைலில் அதுவே 220 ஹெர்ட்ஸைத் தாண்டும். வேகத்தோடு சுருதி ஏறுவதன் கணக்கு இவ்வளவுதான்.

புது டயர் ஏன் இப்படி முனகுவதில்லை? அதன் மேற்பரப்பிலும் வரிசையாகக் கட்டிகள் இருக்கின்றன. அவையும் ஒவ்வொன்றாகத் தரையில் தட்டுகின்றன. டயர் செய்பவர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். அதனால் கட்டிகளை ஒரே நீளத்தில் வார்ப்பதில்லை. சற்றே வேறுபட்ட சில நீளங்களை எடுத்து, ஒழுங்கு தெரியாதபடி கலைத்து அடுக்குகிறார்கள். அதனால் சத்தத்தின் ஆற்றல் பல சுருதிகளில் சிதறி, காதுக்கு ஒரு பொதுவான இரைச்சலாகப் போய்விடுகிறது. எந்த ஒரு சுருதியும் தனியாகத் துருத்தி நிற்பதில்லை. அலைத்தேய்வு வந்ததும் இந்த ஏற்பாடு குலைகிறது. கட்டிகளின் நீளம் எப்படி இருந்தாலும், அவற்றின் மேல் சம இடைவெளியில் ஒரு புதிய ஒழுங்கு செதுக்கப்பட்டுவிடுகிறது. வடிவமைப்பாளர் சிரமப்பட்டு மறைத்த இசையைத் தேய்மானம் திரும்பக் கொண்டுவந்துவிடுகிறது என்று சொல்லலாம்.

முனகலுக்குக் காரணம் கிடைத்தது. தாளத்துக்கு? அதன் கணக்கு வேறு. இருபது பள்ளங்களும் ஒரே ஆழத்தில் இருந்தால் சத்தம் சீராக இருக்கும். நிஜத்தில் டயரின் ஒரு பாகத்தில் அவை ஆழமாகவும் எதிர்ப்பாகத்தில் ஆழம் குறைந்தும் இருக்கும். சில டயர்களில் ஒரு சுற்றுக்கு இரண்டு மூன்று இடங்களில் தேய்வு கூடியிருக்கும். அந்தத் திட்டுகள் தரையைத் தொடும்போதெல்லாம் முனகல் உரக்கிறது. வண்டியை ஆளில்லாத தெருவில் பத்து மைல் வேகத்துக்கு இறக்கினால் சக்கரம் நொடிக்கு இரண்டு முறைக்குச் சற்று அதிகமாகவே சுழலும், தாளத்தை எண்ணிவிடலாம். சுற்றுக்கு ஒன்றா, இரண்டா என்று தெரிந்துவிட்டால் காரணத்தின் பக்கம் பாதி தூரம் போய்விட்டோம்.

இன்னொரு தாளமும் உண்டு, அதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இடது, வலது இரு டயர்களும் முனகும்போது அவற்றின் சுற்றளவு ஆயிரத்தில் மூன்று பங்கு வேறுபட்டால் போதும். ஒன்று 134 ஹெர்ட்ஸிலும் மற்றது அதைவிட அரை ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் குறைவாகவும் ஒலிக்கும். இரண்டும் கலந்து, இரண்டு நொடிக்கு மேல் நீளும் மெதுவான ஏற்ற இறக்கம் ஒன்று கேட்கும். நேர்சாலையில் நிதானமாக வரும் இந்த அலை, வளைவில் திரும்பியதும் படபடவென்று வேகம் கொள்ளும், ஏனென்றால் வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கத்தைவிட வேகமாகச் சுழல்கிறது. சுற்றுக்கு ஒன்று என்ற தாளத்திடம் இந்தக் குணம் இல்லை.

சரி, திட்டுகள் ஏன் உண்டாகின்றன? காரின் உடல் ஸ்பிரிங்குகளின் மேல் நொடிக்கு ஒரு முறை, ஒன்றரை முறை என்ற அளவில் மெதுவாக ஆடும். சக்கரத்துக்கோ தனி ஆட்டம் ஒன்று உண்டு. கீழே காற்றடைத்த டயரும் மேலே ஸ்பிரிங்கும் இரண்டு பக்கமும் அழுத்த, நடுவில் மாட்டிக்கொண்ட சக்கரமும் அச்சும் நொடிக்குப் பன்னிரண்டு முறை அளவில் துடிக்கும். வண்டிக்கு வண்டி இது பத்துக்கும் பதினைந்துக்கும் இடையில் மாறும். இந்தத் துடிப்பை அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. அதற்குள் இருக்கும் எண்ணெய் சிறு துளைகளிலும் வால்வுகளிலும் புகுந்து போகும்போது அசைவின் ஆற்றல் வெப்பமாகிவிடுகிறது. சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்தாலோ, வால்வுகள் தளர்ந்தாலோ சக்கரம் தன் பாட்டுக்குத் துள்ளத் தொடங்கும். துள்ளலில் டயர் சாலையின் மேல் ஒரு கணம் பாரம் குறைந்தும் மறுகணம் பாரம் கூடியும் உருள்கிறது. பாரம் குறைந்த கணத்தில் ரப்பர் பிடியை இழந்து பக்கவாட்டில் இழுபடும். பாரம் திரும்பும்போது அரைபடும்.

துள்ளல் மட்டும் இருந்தால் தேய்வு சுற்றெங்கும் பரவிவிடும், திட்டு உண்டாகாது. துள்ளல் சக்கரத்தின் ஒரே இடத்தோடு ஒவ்வொரு சுற்றிலும் ஒத்துப்போக வேண்டும். அதற்கு, சுழற்சியோடு பிணைந்த ஒரு தூண்டுதல் தேவை. அந்த வேலையைச் செய்பவைதான் பேலன்ஸ் பிசகும் ரிம் வளைவும்.

பேலன்ஸ் பிசகைத்தான் எல்லோரும் முதலில் பழிக்கிறார்கள். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. ரிம்மில் ஒட்டிய 20 கிராம் எடை ஒன்று கழன்று விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 30 மைல் வேகத்தில் அது உண்டாக்கும் மையவிலக்கு விசை 7 நியூட்டன், முக்கால் கிலோ எடைக்கும் குறைவு. 70 மைலில் அது 39 நியூட்டனாகிறது, ஏறக்குறைய 4 கிலோ. வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் விசை இது. இன்னொன்று, பேலன்ஸ் பிசகு சக்கரத்தை ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு முறைதான் தள்ளும். சக்கரம் நொடிக்குப் பன்னிரண்டு முறை சுழல்வது 54 மைல் வேகத்தில். ஐம்பதைத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கி, எழுபதில் சற்று அடங்குகிறது என்று ஓட்டுநர்கள் சொல்வதற்கு இந்தச் சந்திப்புதான் பெரும்பாலும் காரணம். எம்25-இல் ஓடும் வண்டிக்கு இது பொருந்தும். 20 மைல், 30 மைல் எல்லைக்குள் ஊர்ந்துகொண்டிருக்கும் லண்டன் வண்டிக்குப் பேலன்ஸ் பிசகு அவ்வளவு பெரிய எதிரி அல்ல.

ரிம் வளைவின் கதை வேறு. குழியில் அடித்து வளைந்த ரிம் வட்டமாக இல்லை. அது டயரை ஒரு சுற்றில் கூட்டியும் குறைத்தும் அழுத்துகிறது. டயரை ஒரு மில்லிமீட்டர் அழுத்த ஏறக்குறைய 200 நியூட்டன் தேவை. அச்சை அசையாமல் பிடித்துக்கொண்டு, அரை மில்லிமீட்டர் மையம் விலகிய சக்கரத்தை உருளைமேல் உருட்டினால் விசை 100 நியூட்டன் மேலும் 100 நியூட்டன் கீழும் போய்வரும். இதற்கு வேகமே தேவையில்லை. வண்டியில் அச்சு சற்று விட்டுக்கொடுப்பதால் குறைந்த வேகத்தில் இதன் பெரும்பகுதி கரைந்துபோகிறது என்பது உண்மைதான். ஆனால் குழியின் விளிம்பு பட்ட ரிம் அழகாக மையம் விலகுவதில்லை, ஓரிடத்தில் மட்டும் நசுங்குகிறது. அப்படிப்பட்ட நசுங்கலில் சுற்றுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எல்லாத் தாளங்களும் கலந்திருக்கும். சுற்றுக்கு இரண்டு என்ற கூறு, சக்கரத்தின் பன்னிரண்டு துடிப்பைச் சந்திப்பது 27 மைலில். சுற்றுக்கு மூன்று என்ற கூறு சந்திப்பது 18 மைலில். லண்டன் தெருக்களில் வண்டிகள் நாள் முழுவதும் ஓடும் வேகம் இவ்விரண்டின் அக்கம்பக்கம்தான்.

என் கணிப்பில் நகர வண்டியின் அலைத்தேய்வுக்கு மூத்த குற்றவாளி, தேய்ந்த ஷாக் அப்சார்பரோடு சேர்ந்த வளைந்த ரிம். தனித்தனியாக இரண்டையும் பல ஆண்டுகள் தெரியாமலே சுமந்துகொண்டு ஓடலாம். கூட்டுச் சேர்ந்தால் சில ஆயிரம் மைலுக்குள் டயர் பேச ஆரம்பித்துவிடும்.

பெரிய திட்டுகளுக்குக் காரணம் சொன்னோம். அவற்றுக்குள் இருக்கும் பத்து சென்டிமீட்டர் பள்ளங்கள் எங்கிருந்து வந்தன? பன்னிரண்டு ஹெர்ட்ஸ் துள்ளலால் இவ்வளவு நெருக்கமான அலைகளைச் செதுக்க முடியாது. இங்கே டயரின் சொந்த அதிர்வு புகுகிறது. பின்சக்கரங்கள் நேராக நிற்பதில்லை. நிலைத்தன்மைக்காகச் சற்றே உள்நோக்கித் திருப்பி வைத்திருப்பார்கள். அதனால் ரப்பர் எப்போதும் கொஞ்சம் பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே உருள்கிறது. அந்த இழுப்பில் டயர் அதிரும். அதிர்வு ஒரு மெல்லிய பள்ளத்தை விடும். ஒரு சுற்று முடிந்து அதே இடம் திரும்பி வரும்போது, முந்திய சுற்றின் பள்ளமே அடுத்த அதிர்வைத் தட்டி எழுப்புகிறது. ஜப்பானில் கியூஷு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுவெயோகாவும் உடன் பணியாற்றியவர்களும் 1990களில் இதையே ஆராய்ந்தார்கள். டயர் பலகோண வடிவில் தேய்வதை, ஒரு சுற்று நேரத் தாமதத்தோடு தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் அதிர்வு என்று கணிதமாகக் காட்டினார்கள். கோணங்களின் எண்ணிக்கை, டயரின் இயல்பான அதிர்வெண்ணைச் சுழற்சி வேகத்தால் வகுத்தால் கிடைப்பதை ஒட்டி அமைகிறது. எனவே ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓடும் வண்டியில் வடிவம் விரைவாக உறுதிப்படும்.

இதிலிருந்து கசப்பான ஒரு விளைவு பிறக்கிறது. பள்ளம் ஒருமுறை விழுந்துவிட்டால், அதைத் தொடங்கிவைத்த கோளாறைச் சரிசெய்தாலும் பள்ளம் தானே ஆறாது. புது ஷாக் அப்சார்பர் போட்டு வெளியே வந்தவர் அதே முனகலைக் கேட்டு, மெக்கானிக் ஏமாற்றிவிட்டார் என்று நினைப்பது இதனால்தான். பெரும்பாலும் மெக்கானிக்மேல் தவறில்லை. மாற்றியதோடு பழைய டயர் ஓயாது என்பதை முன்கூட்டிச் சொல்லாததுதான் குறை.

ஒரு வண்டியைக் கற்பனை செய்து முறையாகப் போவோம். முன்சக்கர இழுவை, 80,000 மைல் ஓடியது, ஹாரோவிலிருந்து ஹீத்ரோவுக்குத் தினமும் போய்வருவது. இடது பின்பக்கம் முனகுகிறது. பத்து மைல் வேகத்தில் எண்ணினால் தாளம் சுற்றுக்கு இரண்டு. கை, உள்விளிம்பில் பள்ளங்களைக் காண்கிறது. இரண்டு இடங்களில் அதிகம். தாளம் சுற்றுக்கு இரண்டு என்பதால் பேலன்ஸ் மெஷினுக்கு ஓடுவதற்கு முன் ரிம்மைப் பார்க்க வேண்டும். வண்டியை ஜாக்கியில் ஏற்றி, ரிம்மின் உள்விளிம்புக்கு அருகே ஒரு ஸ்குரூடிரைவர் முனையை அசையாமல் நிறுத்திச் சக்கரத்தைக் கையால் சுற்றினால், இடைவெளி கூடிக் குறைவது தெரியும். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போய்வந்தால் அசட்டை செய்யக் கூடாது. வெளிப்பக்கம் மட்டும் பார்ப்பது வீண், ஏனென்றால் குழி அடி பெரும்பாலும் உள்விளிம்பைத்தான் நசுக்கும். இந்த ரிம்மையும் மெஷின் ‘பூஜ்யம், பூஜ்யம்’ என்று காட்டிவிடலாம். எடையைச் சமன்செய்வது வேறு, வட்டமாக இருப்பது வேறு. உருளையை டயர்மேல் அழுத்தி விசை வேறுபாட்டை அளக்கும் மெஷின்தான் இதைப் பிடிக்கும். அது உள்ள கராஜைத் தேடிப் போக வேண்டும்.

அடுத்து ஷாக் அப்சார்பர். காரின் மூலையை அழுத்தி விட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று பார்ப்பது பழைய வழக்கம். மூன்று நான்கு முறை ஆடினால் ஷாக் போய்விட்டது உறுதி. ஆடவில்லை என்றாலும் நல்லது என்று சொல்லிவிட முடியாது. கை காட்டுவது உடலின் மெதுவான ஆட்டத்தை. டயரைக் கெடுப்பது பன்னிரண்டு ஹெர்ட்ஸ் துடிப்பு. அதற்கென்று ஐரோப்பாவில் யூசாமா முறை ஒன்று இருக்கிறது. சக்கரத்தை ஒரு தட்டின் மேல் நிறுத்தி, தட்டை ஆறு மில்லிமீட்டர் வீச்சில் நொடிக்கு 25 முறை ஆட்டி, பிறகு வேகத்தை இறங்கவிட்டு, சக்கரத்தின் பாரம் எவ்வளவு தாழ்கிறது என்று அளப்பார்கள். நின்றிருக்கும்போது இருந்த பாரத்தில் இருபது சதவீதத்துக்கும் கீழே போனால் அந்தச் சக்கரம் சாலையைப் பற்றவில்லை என்று அர்த்தம். இந்த வசதி இல்லாத இடத்தில் ஷாக்கின் உடலில் எண்ணெய் ஈரமும் அதில் ஒட்டிய தூசியும் இருக்கிறதா என்று பார்ப்பதே வழி. மாற்றினால் அச்சின் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் வண்டி சமன் தவறும்.

நம் வண்டியில் ரிம் வளைந்திருக்கிறது, ஷாக் ஈரமாக இருக்கிறது. ரிம்மை மாற்றி, பின் ஷாக் இரண்டையும் மாற்றி, அலைன்மென்ட் பார்த்து, டயர் இன்னும் ஆழமாக இருந்தால் முன்னுக்குக் கொண்டுபோகலாம். முன்சக்கரங்கள் இழுக்கவும் திரும்பவும் செய்வதால் மேடுகள் மெல்லத் தேய்ந்து சத்தம் குறைய வாய்ப்பு உண்டு. ஆழமாக விழுந்திருந்தால் அதுவும் நடக்காது, டயரை மாற்ற வேண்டியதுதான்.

எம்.ஓ.டி. சோதனையை நம்பி இருப்பதில் பயனில்லை. டயரின் நடு முக்கால் பாகத்தில், சுற்று முழுவதும் 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் சட்டத்துக்குப் போதும். பள்ளத்தில் நான்கு, மேட்டில் ஆறு மில்லிமீட்டர் இருக்கும் அலைத்தேய்ந்த டயர் நிம்மதியாகத் தேறிவிடும். முனகுவது குற்றமில்லை.

அந்த ரிம் வளைவு எங்கிருந்து வந்தது என்பதற்கு லண்டனில் விடை தேட வேண்டியதில்லை. குளிரில் நீர் புகுந்து உறைந்து உடைத்த குழிகள் ஒருபுறம். தெருக்களில் வேகத்தடைகள் மறுபுறம். 1999ஆம் ஆண்டு விதிகள் அவற்றை 25 முதல் 100 மில்லிமீட்டர் உயரம் வரை அனுமதிக்கின்றன. பேருந்து தடங்கலின்றிப் போகட்டும் என்று நடுவில் மட்டும் வைக்கும் குறுகலான மேடுகளில், கார் நடுவாக ஏறினால் இரு சக்கரங்களின் உள்விளிம்பும் சரிவில் அழுந்துகின்றன. அகல டயரும் தாழ்ந்த பக்கச்சுவரும் இன்றைய நாகரிகம். 205/55 R16-இல் பக்கச்சுவர் 113 மில்லிமீட்டர். அழகுக்காக 225/40 R18 போட்டால் 90 மில்லிமீட்டர். குழியின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் மெத்தையாக இருப்பதே அந்தச் சுவர்தான்.

குழியால் வந்த சேதம் என்றால் இழப்பீடு கேட்கலாம். பெருஞ்சாலைகளான ரெட் ரூட்டுகள் டி.எஃப்.எல். பொறுப்பு, மற்ற தெருக்கள் அந்தந்த பரோவின் பொறுப்பு. 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 58ஆம் பிரிவு, நியாயமான அளவு பராமரித்தோம் என்று காட்டினால் அதிகாரத் தரப்பைத் தப்பிக்க விடுகிறது. அதனால் குழியின் இடத்தையும் ஆழத்தையும் நாளையும் அன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளாதவருக்கு வழக்கு கடினம். சில மாதம் கழித்து முனகல் கேட்டபின் தேடினால் குழி நிரப்பப்பட்டிருக்கும்.

பாதி தேய்ந்த டயர்களை மலிவாக விற்கும் கடைகள் லண்டனில் நிறைய இருக்கின்றன. 1994ஆம் ஆண்டு விதிகளின்படி அவற்றின்மேல் PART-WORN என்று பொறித்திருக்க வேண்டும், ஆழம் 2 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். அலைத்தேய்வு பற்றி விதி எதுவும் பேசவில்லை. யாரோ ஒருவரின் தேய்ந்த ஷாக்கும் வளைந்த ரிம்மும் எழுதிய கதையை முப்பது பவுனுக்கு வாங்கி வந்து, நன்றாக இருக்கும் நம் வண்டியில் பூட்டிக்கொள்வதும் நடக்கும். கடைக்காரர் டயரை வண்டியில் ஏற்றுவதற்கு முன் இரு திசையிலும் கையால் தடவிப் பார்க்க அரை நிமிடம் போதும். பள்ளம் தட்டுப்பட்டால் அடுத்த டயரைக் காட்டச் சொல்லலாம்.